விடுப்புக் கடிதம்: பேசுகிற மாதிரி எழுதலாமா, முறைப்படி எழுதணுமா?

விடுப்பு கேட்டு எழுத உட்காரும்போது காரணம் தயாராகத்தான் இருக்கும். "லீவு வேணும் சார்" என்று எழுதிவிடலாமா, "விடுப்பு அளிக்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுத வேண்டுமா என்ற இடத்தில்தான் கை நின்றுவிடுகிறது. முதலாவது மரியாதைக் குறைவாகப் பட்டுவிடுமோ என்று ஒரு பயம். இரண்டாவது பள்ளியில் மனப்பாடம் செய்த வரி மாதிரி இருக்கிறதே என்று ஒரு கூச்சம்.

வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு, வருகிற விடுப்புக் கடிதங்களைக் கோப்பில் சேர்க்கிற வேலையில் நான் இருந்திருக்கிறேன். இரண்டு வகைக் கடிதங்களும் வரும். எந்த வகையானாலும் மேலதிகாரி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கையெழுத்துப் போடுவார். வித்தியாசம் பிறகுதான் தெரியும். சில கடிதங்களை வைத்துக்கொண்டு பதிவேட்டை நிரப்பிவிடலாம். சிலவற்றுக்கு எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கும். இந்த ஒப்பீட்டை அந்தக் கோணத்திலிருந்தே செய்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் முன்னால் இருக்கும் வழிகள் இரண்டு என்று தோன்றினாலும் உண்மையில் மூன்று இருக்கின்றன. பேச்சுத் தமிழ் ஒன்று. இலக்கணம் பிசகாத, ஆனால் எளிமையான எழுத்துத் தமிழ் ஒன்று. மூன்றாவது, "ஆவன செய்யுமாறு", "மேற்கொள்ளப்படவுள்ளதால்" என்று போகிற அலுவலக நடை. முறையான எழுத்து என்றாலே மூன்றாவதுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வராததால் பேச்சுத் தமிழுக்கு ஓடிவிடுகிறார்கள். நடுவில் இருப்பது கண்ணில் படுவதே இல்லை.

ஒரே சொல்லை மூன்று நடையிலும் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். "இருக்கு" என்பது பேச்சு. "இருக்கிறது" என்பது எளிய எழுத்து. "உள்ளது" என்பது அலுவலகம். "வேணும்", "வேண்டும்", "வேண்டுகிறேன்" என்று இன்னொரு வரிசை. "குடுங்க", "கொடுங்கள்", "வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று மற்றொன்று.

ஒரே விஷயம், மூன்று கடிதங்கள்

ஒருவருடைய அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. மார்ச் 18, புதன்கிழமை. வீட்டில் வேறு ஆள் இல்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் விடுப்பு வேண்டும். சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது. 23-ஆம் தேதி திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவார். இவ்வளவுதான் செய்தி.

பேச்சில் இப்படி வரும்:

> சார், அம்மாவுக்கு வர்ற புதன்கிழமை கண் ஆபரேஷன். வேற யாரும் இல்ல, நான்தான் கூட இருக்கணும். புதன்லேர்ந்து வெள்ளி வரைக்கும் லீவு வேணும் சார். திங்கக்கிழமை வந்துடுறேன். ஏதாச்சும் அவசரம்னா போன் பண்ணுங்க.

அலுவலக நடையில், மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதினால்:

> எனது தாயாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை மேற்கொள்ளப்படவுள்ளதால், அவரை உடனிருந்து கவனித்துக்கொள்ள வேண்டிய சூழ்நிலை ஏற்பட்டுள்ள காரணத்தினால், எனக்கு மூன்று நாள் மட்டும் தற்செயல் விடுப்பு வழங்கி ஆவன செய்யுமாறு தங்களை மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எளிய எழுத்துத் தமிழில்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். என் அம்மாவுக்கு மார்ச் 18, புதன்கிழமை கண்புரை அறுவை சிகிச்சை நடக்க இருக்கிறது. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் நான் உடன் இருக்க வேண்டும். எனவே மார்ச் 18 முதல் 20 வரை (புதன், வியாழன், வெள்ளி) மூன்று நாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மார்ச் 23, திங்கட்கிழமை பணிக்கு வந்துவிடுவேன். அவசரமாக ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் தொலைபேசியில் அழைக்கலாம்.
>
> நன்றி.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் முதலில் கண்ணில் படுவது, அலுவலக நடையில் எழுதியதில்தான் செய்தி மிகக் குறைவு என்பது. எந்தத் தேதி என்று இல்லை. எப்போது திரும்பி வருவார் என்று இல்லை. வேறு ஆள் இல்லை என்ற விவரம், அதாவது இவர்தான் போயாக வேண்டும் என்பதற்கான காரணம், "சூழ்நிலை ஏற்பட்டுள்ள காரணத்தினால்" என்ற தொடருக்குள் காணாமல் போய்விட்டது. பேச்சுத் தமிழில் எழுதியவர் இவை எல்லாவற்றையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டார்.

இது தற்செயலாக நடப்பதில்லை. பழக்கமில்லாத நடையில் எழுதும்போது கவனம் முழுவதும் வினைச்சொல்லை முடிப்பதில் போய்விடுகிறது. "மேற்கொள்ளப்படவுள்ளதால்" என்று பிழையில்லாமல் எழுதி முடித்த களைப்பில் தேதி மறந்துவிடும். மாதிரிக் கடிதத்தில் தேதி இருந்த இடம் வெறும் புள்ளிக்கோடு என்பதால் அதை நிரப்பவும் தோன்றாது. "மட்டும்" என்ற சொல்லைப் பாருங்கள். "இன்று ஒரு நாள் மட்டும்" என்ற பள்ளிக்கூட வரியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது அது. ஒரு நாளுக்குப் பொருந்தும். பதினைந்து நாள் கேட்டவர்கூட "பதினைந்து நாள் மட்டும்" என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டவர் சிரித்துக்கொண்டேதான் போட்டார்.

அப்படியானால் பேச்சுத் தமிழே போதுமே என்று தோன்றும். செய்தி அளவில் அது முழுமையாக இருப்பதும் உண்மைதான். ஆனால் அதைக் கோப்பில் வைத்து அடுத்த மாதம் எடுத்துப் பார்த்தால் "வர்ற புதன்கிழமை" எது என்று தெரியாது.

பேச்சுத் தமிழ் எங்கே சறுக்குகிறது

பேச்சு என்பது எதிரில் ஆள் இருக்கிறார், அதே நேரத்தில் கேட்கிறார் என்ற நம்பிக்கையில் நடப்பது. "இன்னைக்கு", "நாளைக்கு", "வர்ற வெள்ளி" எல்லாம் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. இரவு பதினொன்றரைக்கு ஒருவர் "நாளைக்கு வரல சார்" என்று கைபேசியில் அனுப்புகிறார். மேலதிகாரி காலை எட்டு மணிக்குத்தான் பார்க்கிறார். மேலே நேரம் காட்டும், பார்த்தால் புரியும், சரி. அதையே அவர் நகலெடுத்து வருகைப்பதிவு பார்ப்பவருக்கு அனுப்பும்போது நேரம் போய்விடும், "நாளைக்கு" மட்டும் மிஞ்சும். அங்கே ஒரு நாள் தள்ளிப் பதிவாகிவிடும்.

"வரல" என்ற சொல்லே இன்னொரு சிக்கல். பேச்சில் அது நடந்ததையும் குறிக்கும், நடக்கப்போவதையும் குறிக்கும். "நேத்து வரல", "நாளைக்கு வரல" இரண்டும் சரியான பேச்சு. காலச்சொல் இல்லாமல் "உடம்பு சரியில்ல, அதனாலதான் வரல" என்று எழுதினால், ஏற்கெனவே வராமல் போனதற்கு விளக்கமா, இனிமேல் வராததற்கு அனுமதியா என்று தெரியாது. எழுத்துத் தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு. நடந்ததற்கு "வர இயலவில்லை", நடக்கப்போவதற்கு "வர இயலாது" என்று வினைமுற்றே பிரித்துக் காட்டிவிடும்.

குரல் இல்லாமல் போவதும் ஒரு நஷ்டம். "நாளைக்கு வரமாட்டேன் சார்" என்று நேரில், குரலை இறக்கி, தயங்கிச் சொன்னால் அதில் தவறு எதுவும் தெரியாது. அதே மூன்று சொல் தாளில் ஏறினால் மறுப்பு மாதிரி ஒலிக்கும். "மாட்டேன்" என்பதில் மனம் இருக்கிறது. வருவதும் வராததும் என் விருப்பம் என்ற தொனி அதில் உண்டு. "முடியாது" என்பதும் தனியாக நின்றால் அப்படித்தான். "இயலாது" என்று எழுதினால் விருப்பம் விலகிவிடுகிறது, நிலைமை மட்டும் நிற்கிறது. "இயலாது" செயற்கையாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் "வர முடியாத நிலையில் இருக்கிறேன்" என்று எழுதலாம், அதுவும் மென்மையாகவே இருக்கும். மரியாதைக் குறைவு என்று மேலதிகாரிகள் முகம் சுளிக்கிற பேச்சுத்தமிழ்க் கடிதங்களில் பெரும்பாலும் குற்றம் "சார்" இல்லாததோ "ங்க" விட்டுப்போனதோ இல்லை. இந்த "மாட்டேன்"தான்.

அப்புறம் எழுத்துக்கூட்டல். பேச்சுத் தமிழை எப்படி எழுதுவது என்று யாரும் நமக்குச் சொல்லித்தந்ததில்லை. ஒருவர் "இருக்கறதால", இன்னொருவர் "இருக்குறதால", மற்றொருவர் "இருக்கிறதால" என்று எழுதுவார். "வர்றேன்", "வரேன்", "வாரேன்" மூன்றும் ஒரே சொல்தான், ஊருக்கு ஊர் வேறு. "ஏலாது" என்று இயல்பாகச் சொல்கிற வட்டாரங்கள் உண்டு. அதைக் கேட்டே பழகாதவர் படித்தால் ஒரு கணம் நின்றுதான் போவார். படிப்பவர் நம் வட்டாரத்துக்காரர், நம்மைத் தெரிந்தவர் என்றால் இது பிரச்சினையே இல்லை. விடுப்புக் கடிதம் அவரோடு நிற்பதில்லை என்பதுதான் பிரச்சினை. அனுமதிப்பவர் ஒருவர், பதிவேட்டில் ஏற்றுபவர் இன்னொருவர், சம்பளக் கணக்கில் சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்ப்பவர் மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆளுக்கு நம் குரல் தெரியாது.

முறையான நடை எங்கே கைகொடுக்கிறது

அலுவலக நடையை மேலே கொஞ்சம் கேலி செய்துவிட்டேன். நியாயமாகப் பார்த்தால், சில இடங்களில் அது பேச்சை விட நமக்கு நல்லது செய்கிறது.

வயிற்றுப்போக்கு என்று வையுங்கள். பேச்சில் இதற்கு இருக்கிற சொற்களை மேலதிகாரிக்கு எழுதக் கை கூசும். பள்ளி இலக்கணத்தில் தகுதி வழக்கு என்று படித்திருப்போம்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லத் தயங்குவதை வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். விடுப்புக் கடிதத்தில் அதற்கு நேரடி வேலை இருக்கிறது. "வயிற்று உபாதை காரணமாக" என்று மூன்றே சொல்லில் விஷயம் முடிந்துவிடும். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். மாதவிடாய் வலி, மூலநோய், மனநலச் சிகிச்சை என்று எதுவாக இருந்தாலும் "உடல்நலக் குறைவு காரணமாக" என்ற தொடர் ஒரு கதவைச் சாத்திக்கொள்ள உதவுகிறது. பேச்சுத் தமிழில் "உடம்பு சரியில்ல" என்றால் அடுத்த கேள்வி "என்ன ஆச்சு?" என்று தானாக வரும். "உடல்நலக் குறைவு" என்பதற்கு அப்படிக் கேள்வி வருவதில்லை, எழுத்துத் தமிழே ஒரு எட்டு தள்ளி நிற்பதால்.

சாவுச் செய்தியிலும் அப்படித்தான். "பாட்டி தவறிட்டாங்க" என்று போனில் சொல்லலாம், அதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. "பாட்டி செத்துட்டாங்க" என்று எழுத மனம் வராது. "என் பாட்டி நேற்று இரவு காலமானார்" என்று எழுதுவது எழுதுபவருக்கும் சுலபம், படிப்பவருக்கும் சுலபம். மங்கலம் என்று இலக்கணம் சொல்வது இதைத்தான். அந்த நேரத்தில் சொந்தமாகச் சொல் தேட வேண்டியதில்லை. தேய்ந்து போன சொல்லாக இருப்பதே ஆறுதல். இப்படிப்பட்ட கடிதத்தில் "தாழ்மையுடன்" எல்லாம் தேவையே இல்லை. "இறுதிச் சடங்குக்காக இன்றும் நாளையும், அதாவது 18, 19 தேதிகளில், விடுப்பு தேவைப்படுகிறது" என்றால் போதும்.

விடுப்பின் வகைப் பெயர்களிலும் முறையான சொல்லைத்தான் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, மகப்பேறு விடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. "ரெண்டு நாள் லீவு" என்று மட்டும் எழுதினால் எந்தக் கணக்கில் கழிப்பது என்று எழுத்தர் திரும்பக் கேட்பார். பலர் "விடுமுறை அளிக்குமாறு" என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் விடுமுறை என்பது எல்லோருக்கும் விடுவது, விடுப்பு என்பது ஒருவர் எடுப்பது. இலங்கையில் சுகயீன விடுமுறை என்று அதிகாரபூர்வமாகவே வழங்குவதால், அங்கே எழுதுபவர் அந்த ஊர் வழக்கையே பின்பற்றலாம்.

எங்கே கலக்கலாம், எங்கே கலக்கக் கூடாது

நடைமுறையில் யாரும் முழுப் பேச்சிலும் எழுதுவதில்லை, முழு அலுவலக நடையிலும் எழுதுவதில்லை. கலந்துதான் எழுதுகிறோம். கலப்பதில் தவறில்லை, எந்த இடத்தில் கலக்கிறோம் என்பதுதான் விஷயம். இந்த வரியைப் பாருங்கள்:

> எனக்கு உடம்பு சரியில்லாததால நாளைக்கு ஆபீஸ் வர முடியாதுங்க, ஆதலால் தாங்கள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படிக்கும்போதே எங்கோ இடறுகிறது. "உடம்பு", "ஆபீஸ்" என்ற சொற்களால் இல்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு மற்றதை மட்டும் சரிசெய்தால் இப்படி வரும்:

> எனக்கு உடம்பு சரியில்லாததால் நாளை (மார்ச் 18) ஆபீஸுக்கு வர இயலாது. எனவே ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

"உடல்நிலை", "அலுவலகம்" என்று மாற்றினால் இன்னும் ஒழுங்காகும், ஆனால் மாற்றாமலேயே கடிதம் நிற்கிறது. தமிழில் ஒரு வாக்கியம் பேச்சா எழுத்தா என்பதைச் சொற்களின் வால்தான் காட்டிக்கொடுக்கிறது. "-ததால" என்பதா "-ததால்" என்பதா, "-றேன்" என்பதா "-கிறேன்" என்பதா, "வீட்ல" என்பதா "வீட்டில்" என்பதா, "ஊர்லேர்ந்து" என்பதா "ஊரிலிருந்து" என்பதா, "அம்மாவோட" என்பதா "அம்மாவுடன்" என்பதா. இந்த வால்களை எல்லாம் எழுத்து வடிவத்தில் வைத்துக்கொண்டால், நடுவில் வரும் பெயர்ச்சொல் வீட்டுச் சொல்லாகவே இருக்கலாம். "அம்மா" என்று எழுதலாம், "தாயார்" என்று ஆக்க வேண்டியதில்லை. "டைபாய்டு", "ஸ்கேன்" என்று எழுதலாம். நோயின் பெயரைத் தூய தமிழில் தேடி எழுதினால் மருத்துவச் சான்றிதழில் இருப்பதோடு பொருந்தாமல் போகும், அது இன்னொரு தொல்லை.

மரியாதை காட்டுவதிலும் இரண்டு வழக்குக்கும் இலக்கணம் வேறு. பேச்சில் "டாக்டர் சொல்லிருக்காங்க" என்பது மரியாதை. எழுத்தில் அதை "மருத்துவர் சொல்லியிருக்கிறார்கள்" என்று ஆக்கிவிடுகிறார்கள். எத்தனை மருத்துவர் என்று கேட்கத் தோன்றும். எழுத்தில் "சொல்லியிருக்கிறார்" என்பதிலேயே மரியாதை இருக்கிறது. "-ங்க" என்ற விகுதிக்கு எழுத்தில் இடமில்லை. அதற்குப் பதிலாகத்தான் "அவர்கள்" வருகிறது: "மேலாளர் அவர்களுக்கு", "தலைமையாசிரியர் அவர்களுக்கு". ஐயாவா அம்மாவா என்று தெரியாத இடத்துக்கும் இது வசதி. "நீங்கள்" போதுமா, "தாங்கள்" வேண்டுமா என்று கேட்டால், விடுப்புக் கடிதத்தில் இரண்டுமே இல்லாமல் எழுதிவிட முடியும் என்பதுதான் என் பதில். மேலே உள்ள மூன்றாவது கடிதத்தில் இரண்டும் கிடையாது. யாராவது கவனித்தீர்களா?

"தாழ்மையுடன்" விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. உரிமையுள்ள விடுப்பைக் கேட்க அது தேவையில்லை. பள்ளி மாணவர் எழுதும் கடிதத்தில் ஆசிரியர் எதிர்பார்க்கிறார் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே கடிதமே ஒரு பாடம்தான்: அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "அனுப்புனர்", "பெறுனர்" என்று எழுதினால் சிவப்பு மை விழும். பிள்ளைக்காகப் பெற்றோர் எழுதும்போது மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாணவர் கடிதத்தைப் பார்த்தே எழுதுவதால் "என் மகன் காய்ச்சலால் அவதிப்படுவதால் பள்ளிக்கு வர இயலவில்லை. எனவே எனக்கு விடுப்பு அளிக்குமாறு" என்று முடித்துவிடுவார்கள். விடுப்பு யாருக்கு என்று பார்த்து "அவனுக்கு" என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்போது எதை எப்போது எழுதுவது

மேலதிகாரி நேரடியாகத் தெரிந்தவர், செய்தி கைபேசியில் போகிறது, ஒரு நாள் விஷயம், எந்தக் கோப்புக்கும் போகாது என்றால் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். அங்கே போய் "ஆவன செய்யுமாறு" என்று எழுதினால், இவருக்கு நம் மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார். எழுதும்போது இரண்டு மாற்றம் மட்டும் செய்தால் போதும். "நாளைக்கு" என்பதோடு தேதியையும் சேர்க்க வேண்டும். "வரமாட்டேன்" என்பதை "வர முடியல சார்" என்றோ "வர முடியாத மாதிரி இருக்கு சார்" என்றோ மாற்ற வேண்டும்.

இரண்டு நாளுக்கு மேல் போகிறது, அல்லது சம்பளக் கணக்கைத் தொடுகிறது, அல்லது முகம் தெரியாத ஒருவர் படிக்கப்போகிறார் என்றால் எளிய எழுத்துத் தமிழ். பெரும்பாலான கடிதங்கள் இந்த வகையில்தான் அடங்கும். உங்களுக்குப் பேச்சில்தான் சரளமாக வருகிறது என்றால் முதலில் பேச்சிலேயே எழுதிவிடுவது நல்லது. தேதி, திரும்பும் நாள், மாற்று ஏற்பாடு எல்லாம் அதில் தானாக வந்துவிடும். பிறகு வரிவரியாகப் போய் வால்களை மட்டும் மாற்ற வேண்டும்: "வந்துடுறேன்" என்பதை "வந்துவிடுவேன்", "இருக்கணும்" என்பதை "இருக்க வேண்டும்", "இல்லாததால" என்பதை "இல்லாததால்". கடைசியாக "வர்ற" என்ற இடத்தில் தேதி. மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதுவதை விட இது சீக்கிரமாகவும் முடியும், விவரமும் விட்டுப்போகாது.

அலுவலக நடை, அச்சடித்த படிவமோ குறிப்பிட்ட வாசகமோ கேட்கிற இடத்துக்கு மட்டும். அங்கேயும் கேட்ட வாசகத்தை அப்படியே எழுதிவிட்டு, காரணத்தை இரண்டு எளிய வாக்கியத்தில் தனியாகச் சொல்லலாம். "-ஆல்", "-ஆல்" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு காரணம் வந்துவிட்டால் அதை உடைத்துவிடுங்கள்.

திடீரென்று காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் இரண்டையும் எழுத வேண்டியிருக்கும். படுக்கையிலிருந்து பேச்சுத் தமிழில் ஒரு செய்தி, வேலைக்குத் திரும்பிய பிறகு கோப்புக்காக ஒரு கடிதம். அந்த இரண்டாவது கடிதத்தில்தான் மாதிரி வாசகம் எல்லோரையும் காலை வாரிவிடுகிறது. விடுப்பு முடிந்தே போய்விட்டது, ஆனாலும் "விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றுதான் எழுதுகிறார்கள். படிப்பவர் இது இனி வரப்போகிற விடுப்பு என்று நினைத்து இன்னொரு முறை கணக்கில் கழித்துவிட்டதும் உண்டு. அந்த இடத்தில் வினையை மாற்றி இப்படி எழுதிக் கொடுங்கள்:

> காய்ச்சல் காரணமாக மார்ச் 18, 19 ஆகிய இரண்டு நாளும் பணிக்கு வர இயலவில்லை. 18-ஆம் தேதி காலையிலேயே தங்களுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். அந்த இரண்டு நாளையும் தற்செயல் விடுப்பாகக் கருதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.